நல்லூர்த் தேருக்கு முன் மாதவிடாயைத் தள்ளிப்போடலாமா?

*மதிப்புக்குரிய டொக்டர், நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். ஒவ்வொரு வருஷமும் நல்லூர்த் திருவிழா 25 நாளும் விரதம். 22ஆம் திருவிழா இரவு பஸ் எடுத்துப் போய், தேரும் தீர்த்தமும் பார்த்துவிட்டு 26ஆம் நாள் இரவு திரும்புவோம். இந்த முறை மகளுக்கு (20 வயது, 52 கிலோ, வேறு வருத்தம் இல்லை) சரியாக அந்த நாட்களில்தான் பீரியட்ஸ் வரும். 27 நாளுக்கும் 30 நாளுக்கும் இடையில்தான் அவளுக்கு எப்போதும் வரும். இம்முறை கொடியேற்றத்துக்கு எட்டு நாள் முன்பு வரவேண்டும். எனக்கும் கிட்டத்தட்ட அதே நாட்கள்தான். எனக்கு 43 வயது, 82 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர், பிரஷருக்குக் குளிசை போடுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி 5 மில்லிகிராம் நோரெதிஸ்டரோன் 50 குளிசை வாங்கி வைத்திருக்கிறேன். கொடியேற்றத்திலிருந்து நாளுக்கு ஒன்று, 25 நாளும் போட்டால் போதுமாம். போடலாமா? என் அம்மாவுக்குத் தம்பி பிறந்த பிறகு காலில் இரத்தம் உறைந்து ஆஸ்பத்திரியில் இருந்தவ, அது முக்கியமா?*

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டதுதான் இந்தக் கடிதத்தில் முதலாவது விஷயம். அதற்கு வருவதற்கு முன், வாங்கி வைத்த குளிசையைக் கொடியேற்றத்தன்று தொடங்கிவிட வேண்டாம். உங்கள் இருவருக்கும் பதில் வேறு வேறு. மகளிடமிருந்து தொடங்குகிறேன்.

மகளுக்கு 25 நாள் குளிசை தேவையே இல்லை. நீங்கள் தந்த கணக்கையே பாருங்கள். கொடியேற்றத்துக்கு எட்டு நாள் முன்பு வந்தால், ஐந்து நாள் போனாலும் கொடி ஏறும்போது அது முடிந்திருக்கும். அடுத்தது 27 நாளில் வந்தால் 20ஆம் திருவிழா, 30 நாளில் வந்தால் 23ஆம் திருவிழா. முதல் 19 நாளும் மருந்து இல்லாமலே அவளுடையவை. தள்ளிப்போட வேண்டியது கடைசி வாரத்தை மட்டும்தான்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன முறை ஏன் சரிவராது என்பதற்கு, மாதவிடாய் ஏன் வருகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். முட்டை வெளியான பிறகு, அது இருந்த இடம் ஏறக்குறைய இரண்டு வாரம் புரோஜெஸ்டரோன் என்ற ஹோர்மோனைச் சுரக்கிறது. கருப்பையின் உட்சுவர் உதிராமல் நிற்பது அதன் தயவில்தான். கரு தங்கவில்லையென்றால் சுரப்பு நின்று ஹோர்மோன் இறங்கும், சுவர் உதிரும். நோரெதிஸ்டரோன் செய்வது ஒன்றே ஒன்றுதான். உடலின் புரோஜெஸ்டரோன் இறங்கும் நேரத்தில் அந்த இடத்தில் தான் நின்றுகொள்கிறது. குளிசையை நிறுத்தியதும் தாங்கல் போய், இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வரும்.

அதனால் இதில் மூன்று விஷயம் பிசகக் கூடாது. ஒன்று, ஹோர்மோன் இறங்கத் தொடங்கும் முன் குளிசை உள்ளே இருக்க வேண்டும். மாதவிடாய் எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பு தொடங்கச் சொல்வது இதற்காகத்தான். இரத்தம் கண்ட பிறகு போட்டால் நிற்கும் என்று நம்ப முடியாது, உதிரத் தொடங்கிய சுவரை அது திருப்பி ஒட்டாது. இரண்டு, இந்தத் தேவைக்கான அளவு 5 மில்லிகிராம் ஒரு நாளில் மூன்று தடவை. சில மணித்தியாலத்திலேயே இரத்தத்தில் இதன் அளவு பாதியாகிவிடும். நாளுக்கு ஒன்று போட்டால் பாதி நாள் தாங்கல் இல்லாமல் போய், இடையில் சொட்டுச் சொட்டாகக் கசியலாம். விரதகாலத்தில் அதுவே பெரிய மனக்கஷ்டம். மூன்று, வட்டத்தின் நடுவில் தேவையில்லாமல் தொடங்கினால் முட்டை வெளியாவதே குழம்பி, அடுத்தது எப்போது வரும் என்ற கணக்கு கையை விட்டுப் போய்விடும். கொடியேற்றத்தன்று மகள் தன் வட்டத்தின் ஒன்பதாம் நாளில் இருப்பாள். அன்று தொடங்குவது அப்படியான தவறான நாள்.

வைத்தியர் சம்மதித்தால் மகளின் திட்டம் இப்படி அமையும். கணக்கு எப்போதும் முந்திய நாளிலிருந்துதான், அதாவது 23ஐ விட்டு 20ஐ எடுங்கள். மூன்று நாள் முன்பு என்றால் 17ஆம் திருவிழா காலை முதல் குளிசை. காலை 6, பிற்பகல் 2, இரவு 10 என்று எட்டு மணித்தியால இடைவெளி. கைபேசியில் மூன்று அலாரம் வைத்துவிடுங்கள், தவறுவது பெரும்பாலும் அந்தப் பிற்பகல் குளிசைதான். 25ஆம் நாள் தீர்த்தம் முடிந்து அன்றிரவு கடைசிக் குளிசை. மொத்தம் 9 நாள், 27 குளிசை. 27ஆம் 28ஆம் நாளளவில், கொழும்புக்கு வந்து சேர்ந்த பிறகு, மாதவிடாய் வரும். திரும்பும் பஸ்ஸிலேயே வந்துவிடுமோ என்று பயந்தால் 26ஆம் நாள் மூன்றையும் போட்டுவிட்டு நிறுத்தலாம், அது 10 நாள், 30 குளிசை.

இந்த எண்களெல்லாம் முந்திய மாதவிடாய் சொன்ன நாளில் வந்தால்தான். அது மூன்று நாள் பிந்தினால் எல்லாம் மூன்று நாள் தள்ளும். அப்போது 20ஆம் திருவிழாவில் தொடங்கினால் போதும். ஆகவே அது வரும்வரை காத்திருந்து, வந்த திகதியைக் கலண்டரில் குறித்துவிட்டு, அதற்குப் பிறகு எண்ணுங்கள்.

10 முதல் 14 நாள், அதுதான் இதன் எல்லை. அதற்கு மேல் போட்டால் சுவர் பொறுக்காமல் இடையில் கசிவது ஒரு பக்கம், கீழே நான் சொல்லப்போகும் ஆபத்து நாளுக்கு நாள் நீள்வது மறுபக்கம். 14 நாளுக்குள் அடங்காத விசேஷத்துக்கு எந்த நாட்கள் முக்கியம் என்று தெரிவு செய்துகொள்வதைத் தவிர வழியில்லை. இந்த மாதம் நல்லூர், அடுத்த மாதம் கலியாணம், அதற்கடுத்தது பரீட்சை என்று மாதாமாதம் தள்ளிப்போடுவதற்கும் இந்தக் குளிசை இல்லை.

ஒரு குளிசையை மறந்து, இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் நினைவு வந்தால் உடனே போடட்டும். அடுத்ததற்கு நேரம் நெருங்கிவிட்டதென்றால் தவறியதை விட்டுவிட்டு அடுத்ததை நேரத்துக்குப் போடட்டும், இரண்டைச் சேர்த்துப் போட வேண்டாம். போட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் இன்னொன்று போடலாம். விரத வெறும் வயிற்றில் போட்டால் சிலருக்குக் குமட்டும். காலைக் குளிசையோடு பாலோ பழமோ எடுக்கலாமென்றால் எடுக்கட்டும், இல்லையென்றால் தண்ணீரோடு போட்டாலும் வேலை செய்யும். தண்ணீர்கூடக் குடிக்காத கடும் விரதம் என்றால் இந்தக் குளிசையே வேண்டாம். மூன்று வேளையும் தவறாமல் போட முடியாது என்பது ஒன்று, நீர் வற்றிய உடம்பில் இரத்தம் தடித்து உறையும் வாய்ப்பு கூடும் என்பது இன்னொன்று.

லேசாகக் கறை பட்டால் பயப்பட வேண்டாம், குளிசையைக் கூட்டவும் வேண்டாம், அதே நேரத்துக்குத் தொடரட்டும். வழமையான மாதவிடாய் போலவே போகத் தொடங்கினால் இந்த முறை தவறிவிட்டது என்றுதான் அர்த்தம். பிறகு தொடர்வதில் பலனில்லை. மார்பு கனப்பது, வயிறு ஊதுவது, தலையிடி, எரிச்சல், ஒன்றிரண்டு பரு, இவை வரலாம். நிறுத்தியதும் போய்விடும். தள்ளிப்போட்ட மாதவிடாய் சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். அடுத்த மாதக் கணக்கை அந்தப் புதிய நாளிலிருந்து தொடங்குங்கள், பழைய திகதி இனி இல்லை.

இனி உங்கள் அம்மாவின் கால்.

பலரும் இந்தக் குளிசையை வெறும் புரோஜெஸ்டரோன் வகை என்று நினைக்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசைக்குத்தான் இரத்தம் உறையும் ஆபத்து, இதற்கு இல்லை என்று பார்மசிகளிலும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மிகச் சிறிய அளவில், அதாவது மினி பில்லில் இருக்கும் அளவில், அது உண்மைதான். நாளுக்கு 15 மில்லிகிராம் என்று போகும்போது கதை மாறுகிறது. உடல் நோரெதிஸ்டரோனின் ஒரு சிறு பங்கை எத்தினைல் ஈஸ்ட்ரடியோலாக மாற்றிவிடுகிறது. சாதாரணக் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையில் இருக்கும் ஈஸ்ட்ரஜன் இதுதான். நாளுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் நோரெதிஸ்டரோன் போட்டால், 20 முதல் 30 மைக்ரோகிராம் எத்தினைல் ஈஸ்ட்ரடியோல் கொண்ட குளிசை ஒன்றைப் போட்டதற்குச் சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெட்டியில் அந்தப் பெயர் எங்கும் இருக்காது, உடம்புக்குள் இருக்கும். ஈஸ்ட்ரஜன் இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டும். அதனால் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை யாருக்குக் கூடாதோ, இந்தக் குளிசையும் பெரும்பாலும் அவர்களுக்குக் கூடாது.

அந்தப் பட்டியலில் உங்களைப் பொருத்திப் பாருங்கள். உங்கள் உயரத்துக்கு 82 கிலோ என்றால் உடல் நிறைச் சுட்டெண் 33க்குக் கிட்ட வருகிறது, 30ஐத் தாண்டினாலே உறையும் வாய்ப்பு கூடும். வயது 40ஐத் தாண்டிவிட்டது. பிரஷர் இருக்கிறது, ஈஸ்ட்ரஜன் அதை ஏற்றலாம், பிரஷர் உள்ளவருக்குப் பக்கவாதத்தையும் மாரடைப்பையும் நினைக்க வேண்டியிருக்கிறது. இதற்கெல்லாம் மேலே அம்மா. தாய், தந்தை, கூடப்பிறந்தவர் யாருக்காவது 45 வயதுக்கு முன் காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்திருந்தால், உறையும் தன்மை குடும்பத்திலேயே ஓடுகிறதா என்று யோசிக்க வேண்டும். தம்பி பிறந்தபோது அம்மா அந்த வயதுக்குக் கீழேதான் இருந்திருப்பா. ‘பிள்ளை பெற்றதால் வந்தது, பரம்பரை இல்லை’ என்று தள்ளிவிடவும் முடியாது. பிரசவத்தை ஒட்டி, ஹோர்மோன் மாற்றத்தோடு வந்த உறைவு, ஹோர்மோன் குளிசை கேட்கும் உங்களுக்கு இன்னும் பொருத்தமான எச்சரிக்கை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு இரவு முழுக்கக் கால் மடக்கி எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் இருக்கப் போகிறீர்கள். உங்களுக்கு நோரெதிஸ்டரோன் வேண்டாம். ஒரு குளிசையும் வேண்டாம்.

உங்களுக்கு வழி இல்லையென்றும் இல்லை. மெட்ரொக்சிபுரோஜெஸ்டரோன் என்று ஒரு குளிசை இருக்கிறது. 10 மில்லிகிராம், அதுவும் நாளுக்கு மூன்று தடவை, அதுவும் மூன்று நாள் முன்பு தொடங்குவது. இது எத்தினைல் ஈஸ்ட்ரடியோலாக மாறாது. உறையும் வாய்ப்புள்ளவர்களுக்குத் தள்ளிப்போட்டே ஆகவேண்டுமென்றால் வைத்தியர்கள் இதைத்தான் யோசிப்பார்கள். மாறாது என்பதற்காக ஆபத்தே இல்லாதது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் பிரஷர் எவ்வளவில் நிற்கிறது, அம்மாவுக்கு உறைந்தது எந்த இடத்தில், குடும்பத்தில் வேறு யாருக்கும் வந்ததா, இவற்றைக் கேட்டுத்தான் தருவதா இல்லையா என்று முடிவெடுக்க முடியும். ‘வேண்டாம்’ என்று சொன்னால் அதை மறுத்து இன்னொரு பார்மசிக்குப் போகாதீர்கள். கோயிலுக்கு எந்த நாளில் போவது, வீதியில் நின்று கும்பிடுவதா உள்ளே போவதா என்பது உங்கள் வீட்டு வழக்கம், அதில் நான் தலையிடவில்லை.

இரண்டு குறுக்கு வழிகளையும் இங்கேயே விலக்கிவிடுகிறேன். அதிக இரத்தப்போக்குக்குத் தரும் ட்ரனெக்சமிக் அசிட் குளிசை போக்கைக் குறைக்கும், வரும் நாளைத் தள்ளாது. உறைவு வந்தவர்களுக்கு அதையும் தருவதில்லை. அவசரக் கருத்தடைக் குளிசையை முன்கூட்டிப் போட்டால் மாதவிடாய் முந்தவும் செய்யும் பிந்தவும் செய்யும், தேர் நாளுக்கு அதை நம்ப முடியாது.

இந்தச் செய்தி மகளையும் தொடுகிறது. உங்கள் அம்மா அவளுக்கு அம்மம்மா, ஒரு தலைமுறை தள்ளி. அதனால் மட்டும் அவளுக்குக் குளிசை கூடாது என்று சொல்வதில்லை. ஆனாலும் வைத்தியரிடம் அவள் அதைச் சொல்லியே ஆகவேண்டும். உங்களைச் சோதித்து உறையும் தன்மை இருப்பதாகத் தெரிந்தால் அவளுடைய பதிலும் மாறிவிடும், அப்போது அவளுக்கும் மெட்ரொக்சிபுரோஜெஸ்டரோன் பக்கம் போக வேண்டியிருக்கும். நாட்கணக்கு அதேதான். இவையும் கேட்கப்படும்: கண்ணில் மின்னல் போல் கோடு தெரிந்து பிறகு வரும் ஒற்றைத் தலையிடி இருக்கிறதா, வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து போடுகிறாளா (அவற்றில் சில இந்தக் குளிசையின் பலனைக் குறைத்துவிடும்), ஈரல் வருத்தம் இருந்ததா, மாதவிடாய்க்கு இடையில் காரணம் தெரியாமல் இரத்தம் படுகிறதா, அண்மையில் சத்திரசிகிச்சை நடந்ததா. கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா என்றும் தனியாகக் கேட்பார்கள். வழமையான கேள்வி அது, கோபிக்க வேண்டாம். இந்த முறையில் போடும் குளிசை கருத்தரிப்பைத் தடுக்கும் என்று நம்பவும் கூடாது. நிறுத்தி ஒரு வாரமாகியும் மாதவிடாய் வரவில்லையென்றால், கலியாணமானவர் முதலில் செய்ய வேண்டியது சிறுநீர்ப் பரிசோதனை.

குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையை ஏற்கனவே ஒழுங்காகப் போட்டு வருபவர்களுக்கு நோரெதிஸ்டரோனே தேவையில்லை. 28 குளிசை அட்டையில் ஹோர்மோன் இல்லாத கடைசி 7ஐ விட்டுவிட்டு, அடுத்த அட்டையின் ஹோர்மோன் குளிசையை மறுநாளே தொடங்கினால் தள்ளிப்போகும். உங்கள் அட்டையில் அந்த 7 எவை என்று பார்மசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பயணத்துக்கு வருகிறேன். மகள் 22ஆம் நாள் இரவு பஸ் ஏறும்போது குளிசை தொடங்கி ஆறு நாள் ஆகியிருக்கும். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருக்கும் எந்தப் பயணமும் தனியாகவே உறைவுக்கு வழி. இரண்டும் சேர்கிற இடம் இது. நடைபாதைப் பக்க ஆசனம் எடுத்துக்கொடுங்கள். பஸ் தேநீருக்கு நிறுத்தும் இடத்தில் நித்திரையாக இருந்தாலும் எழுப்பி இறக்கி ஐந்து நிமிஷம் நடக்க விடுங்கள். விழித்திருக்கும்போது மணித்தியாலத்துக்கு ஒரு தடவை குதிக்காலை ஊன்றி விரல்களைத் தூக்கி, பிறகு விரலை ஊன்றிக் குதிக்காலைத் தூக்கி, இருபது முப்பது தடவை செய்யட்டும். கெண்டைக்கால் தசை இறுகித் தளரும்போதுதான் காலில் தேங்கிய இரத்தம் மேலே ஏறும். டொய்லெட் இல்லையே என்று மத்தியானத்திலிருந்தே தண்ணீரை நிறுத்துவது நம் பெண்களின் பழக்கம். அதை இந்தப் பயணத்தில் செய்ய வேண்டாம். இதே கால் பயிற்சி குளிசை போடாத உங்களுக்கும் வேண்டும்.

தேரன்று வெறுங்காலோடு வெயிலில் நின்று, அடி அழித்து வந்தால் கால் நோகத்தான் செய்யும். அந்த நோவு இரண்டு காலிலும் இருக்கும், படுத்து எழும்பினால் குறையும். உறைவு பெரும்பாலும் ஒரு காலில்தான். கெண்டைக்கால் அல்லது தொடை மற்றதைவிடப் பருத்துத் தெரியும், தொட்டால் சூடாக இருக்கும், அமுக்கினால் நோகும், படுத்தாலும் குறையாது. இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் நூலால் சுற்றி அளந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். அப்படியென்றால் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், குளிசையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென்று மூச்சு வாங்குவது, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்துவது, இருமலில் இரத்தம், இதற்கு முன் வந்திராத கடும் தலையிடி, பேச்சுக் குழறுவது, பார்வை மங்குவது, ஒரு பக்கம் விறைப்பது, இவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், யாழ்ப்பாணத்திலும் வரும். போனதும் ‘மாதவிடாய் தள்ளிப்போடக் குளிசை போட்டிருக்கிறா’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் வைத்தியர் தசைப்பிடிப்பு என்று நினைத்து அனுப்பிவிடக்கூடும். குளிசை முடிந்து வீடு திரும்பிய பிறகும் சில வாரத்துக்கு இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள், 26ஆம் நாள் இரவும் அதே எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் இருக்கிறீர்கள் அல்லவா.

நோரெதிஸ்டரோன் வைத்தியரின் துண்டுக்குத் தர வேண்டிய மருந்து. உங்கள் 50 குளிசையை வெளியே எடுக்காமல் இருவரும் ஒன்றாக உங்கள் குடும்ப வைத்தியரிடம் போங்கள். கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம் முன்பு என்றால் வசதி, அம்மாவைப் பற்றி விசாரிக்கவும் தேவையென்றால் இரத்தப் பரிசோதனைக்கும் நேரம் கிடைக்கும். மகளின் கடைசி மூன்று மாதத் திகதிகள், உங்கள் பிரஷர் கிளினிக் கொப்பி, அம்மாவின் பழைய ஆஸ்பத்திரித் துண்டு இருந்தால் அது, இவற்றைக் கொண்டு போங்கள். மகளுக்கு எழுதிக்கொடுத்தால் அந்த 50இல் 27 அல்லது 30 அவளுக்குப் போதும். மிச்சத்தைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அவரிடம் இந்தக் கேள்விகளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.